உருண்டு போன தேங்காய்

குட்டியின் அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் எல்லோரும் நலம். கப்பலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, இன்ஜின் ரூம் சூட்டில் வரும் தலைவலி குறைந்ததா? போன் போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கரை சேரும்வரை கிடைக்காது என்று கம்பெனி ஆபீசில் சொன்னார்கள். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் தபால் பையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னதால் இதை எழுதுகிறேன். நீங்கள் படிக்கும்போது குட்டியின் கல்யாணம் முடிந்து போயிருக்கும்.

இன்று காலையில் நலங்கு நல்லபடியாக நடந்தது. அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். முதல் நாளே மண்டபத்துக்கு வந்துவிட்டதால், இரண்டு வீட்டு நலங்கையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தியம்மா சொன்னார். நமக்கெல்லாம் அவரவர் வீட்டில் தனித்தனியாகத்தான் வைத்தார்கள். விளையாட்டெல்லாம் தாலி கட்டிய பிறகுதான். இப்போது யார் அதைப் பார்க்கிறார்கள்?

என் அண்ணன், தாய்மாமன் முறைக்கு, குட்டிக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்தார். எதிர் மணையில் மாப்பிள்ளை. நடுவில் குத்துவிளக்கு, தட்டில் மஞ்சள், சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு. தாய்மாமன் மனைவிதான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் என் அண்ணன் மனைவி முதலில் போனாள். பாதத்தில், கையில், கன்னத்தில் மஞ்சள் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, அட்சதை போட்டாள். அதன் பிறகு இரண்டு வீட்டுச் சுமங்கலிகளும் ஒவ்வொருவராக. இரட்டைப்படையில் முடியக் கூடாது என்று கடைசியில் சமையல்கார அம்மாளையும் கூப்பிட்டார்கள். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பூசிவிட்டுப் போனார். பெண்ணின் அப்பா இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. ஆண்களுக்கு அங்கே வேலையே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பதுதான்.

ஒன்று சொன்னால் சந்தோஷப்படுவீர்கள். உங்கள் அக்கா, புருஷனை இழந்தவளுக்கு வழக்கப்படி இடமில்லை என்று தூண் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட்டும் வரவில்லை. சம்பந்தியம்மா எழுந்து போய் அவர் கையைப் பிடித்தார். “தூக்கி வளர்த்த அத்தை பூசாம வேற யாரு பூசுறது? வாங்க” என்று கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கவே இல்லை. உங்கள் அக்கா குட்டியின் கன்னத்தில் மஞ்சள் தடவினார். இப்படி ஒரு நல்ல மனுஷி நமக்குச் சம்பந்தியாக வந்தாரே என்று அப்போது நினைத்தேன். இப்போது அந்த நினைப்புத்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

பிறகு விளையாட்டு. முன்பின் பழகாத இரண்டு பேருக்குக் கூச்சம் போகட்டும், இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேலி பேசிப் பழகட்டும் என்றுதானே பெரியவர்கள் வைத்தது. குட்டி மாப்பிள்ளைக்குத் தலை வாரி, கண்ணாடி காட்டினாள். முகத்துக்கு நேராகப் பிடிக்கும்வரை அவர் கண்ணாடியைத் தேடினார். வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அப்பளத்தை இருவர் தலைக்கும் சுற்றி நொறுக்கினார்கள். அடுத்தது தேங்காய் உருட்டுவது. குட்டி உருட்டிவிட்ட காய் கோணலாகப் போய் அவர் முழங்காலில் மோதியது. மோதிய பிறகுதான் திடுக்கிட்டுக் குனிந்தார். மறுபடி உருட்டினாள். தரையில் வருகிற காயைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காய் அவரைத் தாண்டி உருண்டு போய் ஜமுக்காளத்தின் ஓரத்தில் நின்றது. “மாப்பிள்ளைக்குப் பொண்ணைத் தவிர வேற எதுவும் கண்ணுல படலை” என்று என் அண்ணன் சொன்னார். மண்டபமே சிரித்தது. சம்பந்தியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அப்போதுதான் குட்டி செய்ததைப் பார்த்தேன். காயைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் தரையை லேசாகத் தட்டினாள். அவர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகுதான் மெதுவாக, நேராக உருட்டினாள். அவர் கையைத் தரையில் விரித்து வைத்துச் சரியாகப் பிடித்தார். அடுத்த முறையும் அப்படியே. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பூப்பந்து எறியும்போது பக்கவாட்டில் வந்த ஒவ்வொன்றும் அவர் காதில் பட்டு விழுந்தது. ஆனால் மஞ்சள் தண்ணீர்க் குடத்தில் மோதிரத்தைப் போட்டதும் ஒவ்வொரு தடவையும் அவர்தான் எடுத்தார். வாய் குறுகிய குடம், உள்ளே எதுவும் தெரியாது, விரல்தான் தேட வேண்டும். மோதிரம் எடுப்பவர் கைதான் வீட்டில் ஓங்கும் என்பார்களே, அதைச் சொல்லி அவர்கள் பக்கம் ஒரே ஆர்ப்பாட்டம். ஆரத்தி சுற்றிக் கொட்டும்வரை சிரித்த முகத்தோடு நின்றேன். எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

மஞ்சள் போக அவளுக்குத் தலைக்கு ஊற்றும்போது கதவைச் சாத்திக்கொண்டு, மாப்பிள்ளைக்குக் கண்ணில் ஏதோ குறை இருப்பது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

“தெரியும்மா. பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடியே நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து அவரே எங்கிட்ட சொல்லிட்டாரு. நேரா பார்க்கிறது நல்லா தெரியும். பக்கத்துல, கீழ இருக்கிறது தெரியாது. குழாய் வழியா பார்க்கிற மாதிரி. அந்தக் குழாய் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிக்கிட்டு வருதாம். கண்ணாடி போட்டு சரி பண்ற விஷயமில்லை.”

கடிகார ரிப்பேர் கடையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்துக்குள் முடி கனம் இருக்கிற திருகாணியைப் பார்த்துப் பார்த்து மாட்டுகிறவருக்குக் கண் குறை என்று யாருக்குத் தோன்றும்? அவர் பைக்கை விற்றபோது சிக்கனம் என்றுதானே நாம் மெச்சினோம்.

அவங்க அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். கல்யாணம் முடிந்ததும் அவரே சொல்வாராம். முன்னாடியே சொன்னால் ஒரு பெண் வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாது என்று அந்த அம்மாவே கல்யாணத்தை நிறுத்திவிடுவாராம். “நீ சொல்லிடாதேம்மா” என்று மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏண்டி இவ்வளவு பெரிய பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறாய் என்று அழுதேன். “பாரமா இருந்தா நான் ஏம்மா தூக்கப் போறேன்” என்றாள். அடுத்த செம்புத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினேன்.

மத்தியானம் மனசு கேட்காமல் சம்பந்தியம்மா தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “எம் பையன் இப்படி சிரிச்சு ரொம்ப நாளாச்சுங்க. என்னமோ ஒரு யோசனையாவே இருந்தான். எல்லாம் உங்க பொண்ணு ராசி” என்றார். என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். பந்திக்கு இலை போட ஆள் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சொன்னால் குட்டி என்னை மன்னிக்க மாட்டாள். சொல்லாமல் இருந்தால் அந்த அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன்? என் அண்ணனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. நீங்கள் இருந்தால் உங்கள் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக அழுதிருப்பேன். நீங்களும் நடுக்கடலில் இருக்கிறீர்கள்.

விடிந்தால் முகூர்த்தம். பெண்ணைத் தாரை வார்க்க உங்கள் இடத்தில் என் அண்ணனும் அவர் மனைவியும் உட்காருகிறார்கள். நான் பின்னால் நின்று அட்சதை போடுவேன். தடுக்க எனக்குத் தைரியமில்லை, வாழ்த்தவும் முழு மனசு வரவில்லை.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் வந்த பிறகு திட்டுங்கள். இதைப் படித்ததும், அவள் நன்றாக இருப்பாள் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். சும்மாவாவது எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் பார்த்தால் நான் நம்பிவிடுவேன்.

உங்கள் வழியையே பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி