சந்தமா, சூப்பா?

ஜனவரி 23, வெள்ளி

பனி. மலையைக் காணோம். தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும், கேஸ் புக் பண்ண வேண்டும், 2-ஆம் நம்பர் ரூம் கொசுவலையில் ஓட்டை.

மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் லாம் சார் காபி குடிக்க வந்தார். ஹாங்காங்காரர், ரிட்டயர் ஆனவர், தீபாவளியிலிருந்து இங்கேதான். இந்தச் செங்கம் ரோட்டில் அவருக்குக் கேன்டனீஸ் பேசக் கிடைத்த ஒரே ஆள் நான். என் வீட்டுக்காரருக்கு முன்பு ஹாங்காங்கில் ஜவுளிக்கடை வேலை, அப்போது நான் மீன் வாங்கப் போய்க் கற்றுக்கொண்ட பாஷை. திட்டுவதற்கும் பேரம் பேசுவதற்கும் நன்றாக வரும்.

ஒரு பேப்பரை நீட்டினார். பாட்டு. அவரே மெட்டுப் போட்டு எழுதியது. மனைவி பிரிந்து, ஆறு வயது ஜாய்ஸைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து போன வருஷம் எழுதியதாம். ஜாய்ஸுக்கு இப்போது கேன்டனீஸ் சுத்தமாக வராது. பௌர்ணமிக்கு வருகிறாள், மறுநாளே கிளம்புகிறாள். இங்கிலீஷில் மாற்றி எழுதித்தர வேண்டுமாம், அதே மெட்டில்.

“பேசிட வேண்டியதுதானே சார்?”

“பேசினா சண்டையில முடியும். பாடினா முடியற வரைக்கும் குறுக்க பேசமாட்டா.”

நியாயம்தான். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

ஜனவரி 24, சனி

வெயில். தொட்டி கழுவியாச்சு.

பாட்டு நாலே வரி, திரும்பத் திரும்ப. அர்த்தம்:
ஜன்னலோரம் ஒரு இழை வெளிச்சம் மிச்சம்.
உன் முக்காலி காலி ரூமில் அப்படியே.
கத்தி வெட்டினாலும் இழை அறவில்லை.
திரும்பி வா, சூப் குடி.

இதற்கா ஒரு மனுஷன் இத்தனை வருஷம் பேப்பரை மடித்து வைத்திருந்தான் என்று முதலில் தோன்றியது. அப்புறம் மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். வெட்டுவது தாமரைக் கிழங்கை. சூப்புக்குப் போடும் கிழங்கு. இரண்டாக வெட்டினாலும் நடுவில் மெல்லிய இழை இழுத்துக்கொண்டு நிற்கும். கிழங்கு என்ற வார்த்தை அந்த வரியில் கிடையாது. கத்தி, இழை, கீழே சூப் என்றாலே அங்கே இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். சூப் குடிக்க வா என்றால் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். நாம் போனில் ‘சாப்டியா?’ என்று கேட்பதுபோல.

கேன்டனீஸில் எழுத்துக்கு ஒரு அசை, அசைக்கு ஒரு ஸ்வரம். அதோடு ஒவ்வொரு வார்த்தைக்கும் பிறவியிலேயே ஒரு உயரம் உண்டு. மெட்டு ஏறும் இடத்தில் தாழ்ந்த வார்த்தையைப் போட்டால் வேறு வார்த்தையாகக் கேட்கும். அதனால் முதலில் மெட்டை வெறும் நம்பரால் பாடுவார்களாம். மூன்றின் ‘சாம்’ ஒலி உயரம், நான்கின் ‘சே’ நடு, இரண்டின் ‘யீ’ அதற்கும் கீழே, பூஜ்யத்தின் ‘லிங்’ அடிமட்டம். லாம் சார் பாடிக் காட்டினார்: “சாம் லிங் சாம் சாம், சே யீ லிங்…” நானும் கூடவே.

பக்கத்து வீட்டு ஜெயந்தி (வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை) மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, ரெண்டு பேரும் மந்திரம் கிந்திரமா?”

“கணக்குடி.”

“கணக்க யாராவது அழுதுக்கிட்டே பாடுவாங்களா?”

திரும்பிப் பார்த்தேன். லாம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நம்பருக்கே.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். ஜெயந்திக்கு லீவு, எனக்கில்லை.

இங்கிலீஷில் அந்த உயரத் தொல்லை இல்லை. வேறு தொல்லை. வார்த்தைக்குள் ஒரு இடத்தில்தான் அழுத்தம், அது தாளம் விழும் இடத்தில் விழ வேண்டும். நான் ‘கிச்சன்’ என்று ஒரு வார்த்தை போட்டேன். மெட்டில் நீட்டு ‘சன்’மேல் விழுந்தது. ஜெயந்தியைப் பாடச் சொன்னேன். அவளுக்குக் கேன்டனீஸ் தெரியாது, அதனால் அவள் நாக்கு தடுக்காமல் பாடினால் வரி பாஸ் என்பது என் ஏற்பாடு. “கிச்-சேஏஏன்!” என்றாள். செங்கம் பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் கத்துவதுபோல இருந்தது. அந்த வார்த்தையை அடித்துவிட்டேன்.

வரிக்கடைசி எதுகை வேறு. மூலத்தில் குவாங், ஃபாங், டாங் என்று முடிகிறது, மூன்றாம் வரி மட்டும் விலகும். இங்கிலீஷிலும் அதே ஓசை வைத்தால் என்ன? சாங், லாங், பிலாங்! மதியத்துக்குள் முடித்துவிட்டேன். கடைசி வரி: “கம், யூ பிலாங்.” நாலே அசை. நீட்டிப் பாட வாய்க்கு வாகு. எதுகை கச்சிதம். எனக்கே என்னைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

லாம் சார் படித்தார். திரும்பப் படித்தார்.

“ரொம்ப அழகா இருக்கு. யாரோட பாட்டு?”

அப்புறம் மெதுவாக, “சூப் எங்கே?”

கோபம். அவர்மேல் இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

சூப்பைத் திரும்ப வைத்தேன். “கம் ஹோம், ஹாவ் சூப்.” நாலு ஸ்வரத்துக்கு நாலு அசை. ஆனால் இப்போது சூப்புக்கு எதுகை தேட வேண்டும். குரூப், லூப், ஹூப். இவர் (சலீம், என் வீட்டுக்காரர், சினிமாப் பாட்டுக் கேட்பதால் தன்னைக் கவிஞர் என்று நினைப்பவர்) பேப்பரிலிருந்து தலை தூக்காமல், “கோழிக்கூண்டுக்கு இங்கிலீஷ்ல கூப்” என்றார்.

“அவர் பொண்ணு கோழிக்கூண்டுலயா இருந்தா?”

“எதுகை கேட்ட, குடுத்தேன்.”

எழுதிப் பார்த்தேன். ‘ஸ்டூப்’ என்றால் வாசல்படி. முக்காலியை வாசலில் போட்டேன். ஜெயந்தி பாடினாள். ஓட்டல் விளம்பரம். பாடிய அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. “அக்கா, கடைசில பார்சல் உண்டுனு சேத்துக்கோங்க.”

மூன்றாவதாக எதுகை, தாளம் எதுவும் வேண்டாம் என்று அர்த்தத்தை முழுசாக எழுதினேன். தாமரைக் கிழங்கு, அதன் நார், அது எதைக் குறிக்கிறது, எல்லாம். நான்கு வரி ஒரு பக்கம் ஆனது. பாட முடியாது, பரீட்சை எழுதலாம்.

ஒன்றைப் பிடித்தால் ஒன்று கையை விட்டுப் போகிறது. பால் பொங்கி அடுப்பெல்லாம் ஆனது இன்று.

ஜனவரி 29, வியாழன்

பௌர்ணமிக்கு மூன்று ரூம் புக்கிங். படுக்கை விரிப்பு தோய்க்கப் போட்டாச்சு.

பாட்டில் ‘லோட்டஸ்’ என்று ஒரு வார்த்தை வைத்தால் கிழங்கு புரியுமே என்று தோன்றியது. நான்கு தெரு தள்ளியுள்ள காபிக் கடைக்கு லாம் சாரையும் கூட்டிப் போனேன், இங்கிலீஷ்காரர்களிடம் சோதிக்க. அவர் பாடினார். “லோட்டஸ்” என்றதும் ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணை மூடிக் கைகூப்பினாள். பக்கத்து டேபிளும் கூப்பியது. முடிந்ததும், “என் உள்ளே ஏதோ திறந்தது” என்றாள். எந்தக் குருவின் பாட்டு என்று கேட்டார்கள்.

லாம் சார் என்னிடம் கேன்டனீஸில்: “இது சூப்புனு சொல்லு.”

சொன்னேன். கூப்பிய கைகள் இறங்கின. இந்த ஊரில் தாமரை என்றால் தியானம், கிழங்கு ஞாபகம் வராது. லோட்டஸ் அவுட்.

இவர் நாட்டு மருந்துக் கடையில் தாமரைத்தண்டு வத்தல் வாங்கி வந்து பொரித்தார். உதவியாம். லாம் சார் ஓட்டை ஓட்டையாக இருந்த வத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு. ஆனா இழை வராது” என்றார். எல்லாவற்றையும் தின்றார்.

சூப்பில் போடும் எலும்பு எதுவென்று மூலப் பாட்டில் இல்லை. பன்றி எலும்பாம். நான் கேட்டிருக்கவே கூடாது.

ஜனவரி 30, வெள்ளி

ஜும்ஆவுக்கு இவர் போயிருந்த நேரம், கடைசி இரண்டு வரியும் வந்துவிட்டன. அரிசி களைந்துகொண்டே. கை ஈரத்தோடு காலண்டர் பின்னால் எழுதினேன்.

“கட் த ரூட், த்ரெட் ஹோல்ட்ஸ் ஆன்.
கம் ஹோம், ஹாவ் சூப்.”

வேரை வெட்டு, இழை விடாது. ‘ரூட்’ என்றால் யாரும் கைகூப்ப மாட்டார்கள். அழுத்தமெல்லாம் தாளத்தில். ‘ரூட்’டின் ஊ தூரத்தில் ‘சூப்’பின் ஊவைத் தொடுகிறது. முதல் இரண்டு வரி: ஜன்னல் விளிம்பில் ஒல்லி வெளிச்சம், உன் சின்ன ஸ்டூல் அதனிடத்தில். கடைசியில் எதுகை கிடையாது. கிடையவே கிடையாது.

ஜெயந்தி தடுக்காமல் பாடினாள். சிரிக்கவில்லை.

இவர் தொழுதுவிட்டு வந்து கேட்டார். “ஹோம், ஹாவ், ஹோல்ட்ஸ். பாரு மெஹரு, மோனை! எதுகை போனா போவுது.” எப்போதாவது உருப்படியாகப் பேசுவார்.

லாம் சாருக்குத்தான் முகம் சரியில்லை. எதுகை இல்லாத பாட்டு, பொண்ணு சிரிப்பாளோ என்று. அவள் பெரிய கம்பெனியில் விளம்பரம் எழுதுகிறவளாம். இப்போதுதான் சொல்கிறார்! பழைய ‘பிலாங்’கையும் எடுத்து வைத்துக்கொண்டார். எதைப் பாடுவார் என்று தெரியாது. அழகான பாட்டைப் பாடினால் அவள் கைதட்டிவிட்டுப் போய்விடுவாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பௌர்ணமி. ஊர் கொள்ளவில்லை. தேங்காய் லோடு, மைக் செட், அன்னதானம். கார் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டோடு நிறுத்தம். ஜாய்ஸ் கிரிவலக் கூட்டத்தோடு பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே வந்தாள். நெற்றியில் யாரோ விபூதி பூசிவிட்டிருந்தார்கள். அப்பாவும் பொண்ணும் கைகுலுக்கினார்கள். கைகுலுக்கல்! ஆபீஸ் மாதிரி. ஃப்ளைட் எப்படி, சாப்பாடு எப்படி. அப்புறம் இரண்டு பேரும் விசிறியைப் பார்த்தார்கள்.

நான் அடுப்படியில் போய் நின்றேன். நிற்க முடியாமல் வாசலுக்கு வந்தேன். ஜெயந்தி ஏற்கெனவே மதிலில்.

லாம் சார் இரண்டு பேப்பரையும் எடுத்தார். ‘பிலாங்’கைப் பிரித்தார். பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். பேப்பரே இல்லாமல் மற்றதைப் பாடினார். குரல் நடுங்கியது, தாளம் நடுங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் மைக், காணாமல் போன ஒருவரின் பெயரைக் கூப்பிட்டது. நிறுத்தினார். மைக் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பாடினார். அவள் குறுக்கே பேசவில்லை.

முடிந்தது. அவள் தரையையே பார்த்தாள்.

“இட் டஸ்’ன்ட் ரைம்” என்றாள்.

எனக்கு உயிர் போய்விட்டது. லாம் சார் என்னைக் கைகாட்டினார், துரோகி. நான் சொன்னேன்: எதுகை வைத்துப் பார்த்தேன், சூப் போய்விட்டது. அவர் சூப்தான் வேண்டும் என்றார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

“அந்த ஓட்டை ஓட்டையா இருக்கிற வேரா?” என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

“உங்க சூப்ல எப்பவும் உப்பு ஜாஸ்திப்பா.” சொல்லிவிட்டு, விபூதி அழியக் கையால் முகத்தைத் துடைத்தாள்.

அவர் எழுந்தார். அவள் பக்கத்தில் போய் நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அவள் தலைமேல் வைத்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெயந்தி விசும்பினாள். நான் மட்டும் என்னவாம்.

பிப்ரவரி 2, திங்கள்

விரிப்பு எல்லாம் மறுபடி தோய்க்க வேண்டும். ஜாய்ஸ் கிளம்பவில்லை, டிக்கெட்டை மாற்றுகிறாள். அடுப்படியில் இரண்டு பேரும் என் பெரிய பாத்திரத்தில் என்னவோ கொதிக்க வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள், அவள் இங்கிலீஷில், அவர் கேன்டனீஸில். நடுவில் என்னைக் கூப்பிடுகிறார்கள். போக மாட்டேன்.