எல்லாரிடமும் சொல்வது

அக். 7, செவ்வாய்
காலையில் மேகம், பதினொரு மணிக்கு வெயில். காய்கறி 23.40 டாலர். மாவு அரைத்தாயிற்று.

மாலை ஆங்கில வகுப்பு. ந. பக்கத்து நாற்காலி. கோயம்புத்தூர்க்காரர். மனைவி தவறி நாலு வருஷம், மகள் வீட்டில் இருக்கிறார். என் வீட்டுக்காரர் போய் ஏழு. நானும் மகன் வீட்டில்தான்.

"பல்லு புடுங்கிட்டாங்களா? இன்னும் வலிக்குதுங்களா?" என்று கேட்டார். போன வாரம் போகிற போக்கில் சொன்னது. எப்படி ஞாபகம்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. பிறகு என்னையே அதட்டிக்கொண்டேன். மரியாதை தெரிந்த மனுஷர். அவ்வளவுதான் ஸ்டெல்லா. ஜெபமாலையில் இரண்டு முறை எண்ணிக்கை தவறியது.

அக். 9, வியாழன்
டீச்சர் இன்று சொன்னது: இந்த ஊரில் "ஒரு நாள் காபி குடிக்கலாம்" என்றால் அது வெறும் நல்ல வார்த்தை, கிளம்பிப் போய்விடக்கூடாது. நாளும் இடமும் சொன்னால்தான் அழைப்பு. எல்லோரும் சிரித்தோம்.

சிரிக்கும்போது ந. திரும்பி என்னைப் பார்த்தார். போன வாரமும் அப்படித்தான். வகுப்புக்கே ஜோக் சொல்கிறார், நான் சிரித்தேனா என்று பார்க்கிறார்.

கணக்கு என்றால் சரியாகப் போட வேண்டும். எனக்குச் செய்வதை மட்டும் எழுதினால் அது கணக்கில்லை. மற்றவர்களுக்குச் செய்வதையும் பார்த்தேன். மெக்சிகோக்கார மரியாவிடம் "நைஸ் இயர்ரிங்ஸ்". சீன அம்மாவிடம் "நைஸ் ஜாக்கெட்". எல்லோருக்கும் கதவு திறந்து பிடிக்கிறார். எனக்கும் பிடிக்கிறார். ஆகவே கதவு கணக்கில் சேராது.

மரியாவிடம் "ஹவ் இஸ் யுவர் சன்?" என்றார். மரியாவுக்கு இரண்டும் பெண்கள். மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்!

என் பல் ஞாபகம் இருக்கிறது. அது சேரும்.

இன்னொன்று. என்னிடம் மட்டும் "நைஸ்" எதுவும் சொன்னதில்லை. புதுப் புடவை கட்டிப் போன அன்றும் இல்லை. பார்த்தார், பேனா மூடியைத் தேடினார். பேனா மூடி பேனாவில்தான் இருந்தது. இதை எந்தப் பக்கம் எழுதுவது?

ஆண்டவரே, இது பாவமா என்று கேட்கவில்லை. நிஜமா என்று மட்டும் சொல்லும்.

அக். 14, செவ்வாய்
மழை. சாம்பார் அடிப்பிடித்தது.

வகுப்பு முடிந்து "வரட்டுங்களா" என்று போய்விட்டார். நான் குடையை விரிப்பதற்குள் திரும்பி வந்தார்.

"வீட்டுப்பாடம் எத்தனாம் பக்கம்ங்க?"

பக்க எண் அவர் உள்ளங்கையில்தான் எழுதியிருந்தது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். பிறகு கீழே பார்த்துக்கொண்டே, "சனிக்கெழம பத்து மணிக்கு… எல் கமினோ ரோட்டுல இட்லிக் கட இருக்குதுல்லங்க. வர்றீங்களா? வேல இருந்தாப் பரவால்லீங்க. ஞாயித்துக்கெழமயும் நான் சும்மாத்தான் இருக்கேன்."

நாள். இடம். மறுநாளும் சேர்த்து.

நான் என்ன சொன்னேன்? "சரிண்ணே. மவன்கிட்ட கேட்டுச் சொல்லுதேண்ணே."

இத்தனை நாள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதன்முதலாக அண்ணே. அதுவும் இரண்டு முறை. தூத்துக்குடியில் வெளி ஆண்களிடம் வாய் தானாகப் போடும் தாழ்ப்பாள் அது. அறுபதைத் தொடப்போகிற மனுஷரின் முகம் சின்னப் பையன் முகம்போல் ஆனது.

"சரிங்க… சரிங்க. அதுக்கென்னங்க."

சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக். 16, வியாழன்
நேற்றே இஸ்திரி போட்டு வைத்த நீலப் புடவை.

கதவைத் திறந்து பிடித்தார். "நைஸ் சாரி" என்றார், தெளிவாக, சிரித்த முகமாக. மரியாவின் கம்மலுக்குச் சொன்ன அதே குரல். நாற்காலி சீன அம்மா பக்கம். ஜோக் சொன்னார். நான் சிரித்தேன். பார்க்கவில்லை.

போகும்போது, "ஒரு நாள் எல்லாரும் காபி குடிக்கலாங்க."

எல்லாரும். ஒரு நாள்.

மற்றவர்களுக்குக் கிடைப்பது இன்றுதான் எனக்கும் கிடைத்தது. அதனால் தெரிந்தது, இதற்கு முன் கிடைத்தது வேறு.

பஸ் ஸ்டாப் வரை போய்விட்டேன். பிறகு திரும்பி நடந்தேன். கார் கதவருகே நின்றிருந்தார். மாதாவே, நாக்கைப் பிடித்துக்கொள்.

"நடராஜன்."

திரும்பினார்.

"சனிக்கெழம பத்து மணின்னீங்கள்லா. எனக்கு இட்லி வேண்டாம். பொங்கல்."

"பொங்கலுங்களா… அங்க… சட்னி நல்லாருக்கும்ங்க" என்றார். சாவி கீழே விழுந்தது. எடுத்து, பக்கத்துக் காரின் கதவில் நுழைக்கப் பார்த்தார்.

மரியாவிடம் ஒருநாளும் இப்படி உளறியதில்லை.

அக். 18, சனி
வெயில். ஜெபம் முடிந்தது. நீலம் வேண்டாம், பச்சை.

மகன் ஜெரின் படியில் நின்று, "எங்கம்மா கெளம்பிட்டீங்க?"

"காபி குடிக்க."

"வீட்லயே போட்டு வச்சிருக்கீங்களே?"

"அது ஒனக்கு."