ரத்துச் சீட்டில் யார் பெயர்

பிப்ரவரி 24, திங்கள்

இன்றும் எங்கள் மின்சாதனக் கடையின் பலகையில் விற்பனை வரிசையை எழுதியவள் நானே. கையெழுத்து அழகாக இருப்பதன் பலன் இது. பெயர், மாத இலக்கு, எட்டிய தொகை, விழுக்காடு என்று நான்கு கட்டங்கள். ஷட்டரை இறக்கியபின் ஏழு விற்பனையாளரும் அவ்வரிசைப்படியே நிற்க வேண்டும். முதலில் தொலைக்காட்சிப் பிரிவின் ஜாலக்காரன். அடுத்து நான். ஏழாவதாக மௌனி. இரண்டும் நான் இட்ட பெயர்கள்.

மேலாளர் கடைசியில் நிற்பவரிடம் மட்டும் பேசுவார். இன்று மௌனியிடம், “உன் சம்பளத்த யார் வித்துக் குடுக்கறாங்க தெரியுமா? திரும்பி அவங்க ஆறு பேரையும் பாத்து நன்றி சொல்லு” என்றார். அவளும் திரும்பிப் பார்த்து நன்றி சொன்னாள். ஜாலக்காரன் தலையாட்டி ஏற்றுக்கொண்டான். நான் தரையைப் பார்த்தேன். உள்ளத்தின் ஒரு மூலையில், இரண்டாம் இடம் நமக்குரியதே என்ற நிறைவும் இருந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

மௌனி தொடர்ந்து இரண்டாம் மாதமாகக் கடைசி. இரண்டு மாதம் கடைசியில் நின்றால் கடிதம் உண்டு. கடிதம் வாங்கியவர் தாமாகவே விலகிக்கொள்வது இக்கிளையின் வழக்கம்.

“புலவரம்மா, நீங்களே எழுதிடுங்க. நான் எழுதுனா திட்டற மாதிரி இருக்கும். நீங்க எழுதுனா மரியாதையா இருக்கும்” என்றார் மேலாளர்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நூலகத்தில் அமர்ந்து நானே கற்ற தமிழ். அதைக் கேட்டு வாங்குகிறாரே என்ற பெருமிதத்தில் மூன்று முறை திருத்தி எழுதினேன். “தங்களது உழைப்பு, நிறுவனத்தின் எதிர்பார்ப்போடு இணையாது போனமை குறித்து வருந்துகிறோம்.” அந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன்.

வீட்டில் அக்காவிடம் படித்துக் காட்டினேன். தையல் இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், “ஏன்டி, அடிக்கறதுக்கு முன்னாடி கைய சோப்புப் போட்டுக் கழுவிக்கற மாதிரி இருக்கு” என்றாள்.

மார்ச் 3, திங்கள்

மௌனி வரவில்லை. அவள் இடத்துக்கு ஒரு புதுப் பையன் வந்துவிட்டான்.

மார்ச் 13, வியாழன்

ஒரு விடுதிக்கு நான் விற்ற எட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளும் ரத்தாகின. ஐந்து நாளில் கொண்டு சேர்ப்போம் என்று விடுதிக்காரரிடம் தொலைபேசியில் வாக்களித்தவர் மேலாளர். பத்தாம் நாளும் வண்டி போகவில்லை. ஆயினும் பில் என் ஊழியர் ஐடியில் இருப்பதால், முழுத் தொகையும் என் கணக்கில்தான் கழிந்தது.

மாலையில் பலகையில் என் பெயரை நானே ஏழாவது வரியில் எழுதினேன். எழுத்து கோணக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

“என்ன புலவரம்மா, இன்னிக்குச் செய்யுள் மட்டுந்தான் வித்தீங்களா?” என்றார் மேலாளர்.

எல்லாரும் சிரித்தார்கள். போய்யா நீயும் உன் பலகையும். சுண்ணாம்புக்கட்டியை உன் வாயில் திணிக்க எத்தனை நேரமாகும் எனக்கு? திணிக்கவில்லை. பெட்டியில் வைத்து மூடினேன்.

மார்ச் 17, திங்கள்

திங்கள்தோறும் வரிசைப்படி இடம் மாறும். முதல் இருவருக்கு வாசலும் அதையொட்டிய தொலைக்காட்சிப் பிரிவும். உள்ளே நுழையும் வாடிக்கையாளர் முதலில் அவர்கள் கையில்தான் விழுவார். கடைசியாளுக்கு வாசலிலிருந்து சில படிகள் கீழே, படிக்கட்டின் அடியிலுள்ள புகார் மேசை. இந்த வாரம் அது எனக்கு. அங்கே வாங்க வருபவர் ஒருவரும் இல்லை. திருப்பிக் கொடுக்கவும் திட்டவும் வருபவர்களே. ஆகவே கடைசியில் இருப்பவள் கடைசியிலேயே இருப்பாள். இதை இத்தனை நாள் வாசலில் நின்றவள் எப்படி எண்ணிப் பார்க்கவில்லை?

மார்ச் 18, செவ்வாய்

இன்று நான் ஒன்றையும் விற்கவில்லை. ஆயினும் காலையில் இருந்ததைவிட என் தொகை மாலையில் குறைந்திருந்தது.

தவறாக எழுதிவிட்டேன் போலும் என்று இரண்டு முறை சரிபார்த்தேன். தவறில்லை.

மார்ச் 19, புதன்

விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

ஜாலக்காரன் தொலைக்காட்சி விற்கும்போது, வாங்குபவரிடம் சொல்லாமலே பில்லில் கூடுதல் உத்தரவாதத்தைச் சேர்த்துவிடுகிறான். எங்கள் கணக்கில் கூடுதல் உத்தரவாதத்துக்கு இருமடங்கு மதிப்பு. வீட்டுக்குப் போய் பில்லைப் பார்த்தவர் கொதித்துப்போய் என் மேசைக்கு வருகிறார். நான் என் ஐடியில் கணினியைத் திறந்து ரத்துச் சீட்டு போடுகிறேன். எந்த ஐடியில் ரத்து பதிவாகிறதோ, அந்தக் கணக்கில்தான் தொகை கழிகிறது. அதுவும் இருமடங்காக! விற்ற பெருமை அவனுக்கு. ரத்தான சிறுமை எனக்கு.

அப்படியானால் மௌனி இரண்டு மாதங்கள் இந்த மேசையில்தானே அமர்ந்திருந்தாள்.

மார்ச் 20, வியாழன்

மேலாளரிடம் முறையாக எடுத்துரைத்தேன். அவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எல்லாம் தெரியும்மா. யாராவது ஒருத்தர் தலைல எழுதித்தானே ஆகணும்?”

“விற்றவர் தலையில் எழுதலாமே?”

“அவன் தலைல எழுதுனா அவன் விக்கறத நிறுத்திடுவான். நீங்க நிறுத்துனா என்ன ஆகும்?” கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். கிளைகளின் வரிசை அது. பதினொரு கிளைகளில் நாங்கள் ஒன்பதாவது. அவர் பெயருக்கு எதிரே சிவப்பு. “எனக்கும் மேல ஒருத்தன் பலகை வச்சிருக்கான். போங்க, கஸ்டமர் நிக்கறாங்க.”

ஒரு நொடி இரக்கம் வந்தது. படி இறங்குவதற்குள் போய்விட்டது.

மார்ச் 22, சனி

கூட்டம் மிகுந்த நாள். ரத்துக்கு வந்த முதல் அம்மையாரிடம் பணிவோடு சொன்னேன்: “தங்கள் பில்லில் உள்ள ஐடிக்கு உரியவரே ரத்துச் சீட்டு போட வேண்டும், அம்மா. அதோ, வாசலில் நீலச் சட்டையோடு நிற்கிறார்.”

அவர் நேரே வாசலுக்குப் போனார். ஜாலக்காரன் அப்போதுதான் ஒரு குடும்பத்துக்குப் பெரிய திரையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“ஏம்ப்பா, நான் கேட்டனா இந்த வாரண்டிய? கேட்டனா?”

“மேடம், கீழ கவுண்டர்ல—”

“கீழ இருந்துதான் வரேன்!”

குடும்பம் பில்லை எட்டிப் பார்த்துவிட்டு மெல்லப் பின்வாங்கியது. அடுத்தவரையும் அனுப்பினேன். அதற்கடுத்தவரையும். மதியத்துக்குள் வாசலில் ஒன்பது பேர், கையில் ஒன்பது பில். என் ஐடியில் நான் விற்றவை இரண்டு வந்தன. அவற்றை மட்டும் நானே ரத்து செய்தேன். நியாயம் நியாயமே.

ஜாலக்காரன் படிக்கட்டில் வந்து பல்லைக் கடித்தான். “அக்கா, என் பொழப்புல மண்ணப் போடறீங்களே!”

“நீங்கள் போட்ட மண்தான், தம்பி. திருப்பி அனுப்புகிறேன்.”

மாலையில் மேலாளர் என்னை வரிசையிலிருந்து வெளியே இழுத்து நிறுத்தினார். “நம்ம கிளைக்கே வேட்டு வைக்கறாங்க இவங்க!”

மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். “கிளையின் மொத்தத்தில் ஒரு காசும் குறையவில்லை, ஐயா. ரத்து யார் பெயரில் விழுந்தாலும் ரத்து ரத்தே. பெயர்கள் மட்டுமே இடம் மாறியுள்ளன.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சலவை இயந்திரப் பிரிவு அண்ணன் மட்டும் இருமினார். இருமலா அது?

மார்ச் 24, திங்கள்

இந்த வாரம் புகார் மேசைக்குக் குளிர்சாதனப் பிரிவுப் பெண் வந்திருக்கிறாள். அவளும் பிறர் ரத்தைத் தன் ஐடியில் போட மறுக்கிறாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

அக்காவுக்கு நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். மௌனி எதிரே வந்தாள். ஒதுங்க இடமில்லை.

வேலை கிடைத்ததா என்று கேட்டேன். நான் அறிந்த நாள்முதல் அவள் இத்தனை பேசிக் கேட்டதில்லை.

“போற எடத்துல எல்லாம் ஏன் விட்டேன்னு கேக்கறாங்க. அந்த லெட்டரக் காட்டறேன். படிச்சுட்டு, ‘ரொம்ப அழகா எழுதியிருக்காங்களே’ங்கறாங்க. அவ்ளோதான். வேல இல்ல.”

“நான் எழுதியது என்று—”

“தெரியும்க்கா. அங்க வேற யாருக்கு அவ்ளோ தமிழ் வரும்?”

நூல் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அக்கா கேட்டாள். கடை மூடியிருந்தது என்று சொன்னேன்.

மார்ச் 31, திங்கள்

மாத முடிவு. வழக்கம்போல் பலகையில் எழுதினேன். நான் ஐந்தாவது. ஜாலக்காரன் ஏழாவது. ஒரு மாதம் சேர்த்த உத்தரவாதமெல்லாம் ஒரே வாரத்தில் அவன் தலைமேல் திரும்பி விழுந்திருந்தது.

மேலாளர் வந்தார், பலகையைப் பார்த்தார். தன் சட்டைக் கையாலேயே முழுவதையும் அழித்தார்.

“இந்த மாசம் வரிச கெடையாது. கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

ஜாலக்காரன் யாருக்கும் திரும்பி நின்று நன்றி சொல்லவில்லை. நாங்கள் நிற்கப் பழகிவிட்டோம் போலும். கொஞ்ச நேரம் அப்படியே வரிசையில் நின்றிருந்தோம்.

மௌனிக்குக் கோளாறு வரலையே, அப்போ! எனக்குக் கோளாறு வரலையே! இவன் கடைசிக்கு வந்த அன்னிக்குத்தான் வருதா கோளாறு?

ஏப்ரல் 5, சனி

பிப்ரவரி மாதப் பலகையை நான் எனக்கென்று படியெடுத்து வைத்திருந்தேன். கையெழுத்து நன்றாக வந்த பெருமையில். ரத்துச் சீட்டுகளின் நகல்கள் புகார் மேசையின் இழுப்பறையிலேயே கிடக்கின்றன. இரண்டையும் ஒப்புநோக்கினேன். பிறர் விற்று மௌனியின் ஐடியில் ரத்தானவற்றையெல்லாம் அவளுக்கே திருப்பிக் கூட்டினேன். பிப்ரவரியில் அவள் ஏழாமிடம் அல்லள். மூன்றாமிடம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அதை முறையான சான்றாக எழுதினேன். “மேற்படி ஊழியர், பிறரது ரத்துகள் நீங்கலாகக் கணக்கிடுமிடத்து, மூன்றாம் இடத்தில் இருந்தார் என்பதை உடன் பணியாற்றியவள் என்ற முறையில் உறுதிப்படுத்துகிறேன்.” முழுப்பெயரில் கையொப்பம் இட்டேன். மேலாளர் கண்ணில் பட்டால் என் வேலை போகும். அக்காவின் தையலில் வாடகைக்குக்கூடக் காணாது. தெரிந்தே இட்டேன்.

அக்கா படித்தாள். “இதுல சோப்பு வாசன கொஞ்சம் கம்மி” என்றாள்.

மௌனியின் முகவரி எழுதித் தபால் பெட்டியில் சேர்த்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மௌனி கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தாள்.

“லெட்டர் கெடச்சுதுக்கா. திங்கக்கெழம ஒரு எடத்துல காட்டப் போறேன். ஆனா ஒரு தப்பு இருக்கு. எனக்குக் கூட்டிட்டீங்க. வித்தவங்ககிட்ட கழிக்கல. உங்க ஐடில வித்ததே பதினொண்ணு நான் ரத்து பண்ணியிருக்கேன்.”

இழுப்பறை நகல்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பதினொன்றும் இருந்தன. என் ஐடி. சொல்லாமல் சேர்த்த உத்தரவாதங்கள் அல்ல. அழகாகப் பேசிச் சேர்த்தவை.

விற்ற எல்லாரிடமும் கழித்தேன். பெரிய திரைகள் பல விற்றிருந்ததால் ஜாலக்காரன் அப்போதும் முதலிடம். அவள் இரண்டாமிடம். நான் மூன்றாமிடம்.

சான்றைத் திருத்தி வேறு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்களுக்குள் அவள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்; ஆகையால் இம்முறை நேரில்.