தயங்கி என்னும் வாள்

என் அருமை அண்ணி,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் செல்போன் என்னிடம்தான் இருக்கிறது. கள்ளக்குறிச்சி தையல் கடையில், மிஷின் ஓட்டாத நேரமெல்லாம் நீங்கள் அதில் எழுதி இணையத்தில் போட்டுவந்த ராஜா ராணி தொடர்கதை கடைசி அத்தியாயத்தில் நின்றுபோயிருந்தது. மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது, "செல்வி, நீயே முடிச்சுடு"ன்னு சொன்னீர்களே. அதை முடிக்கப் போய்த்தான் கதையில் வரும் உங்கள் வாளிடம் மாட்டிக்கொண்டேன்.

அதற்கு முதலில் பெயரே கிடையாது. படைக்கென்று அடித்த நாற்பது வாள்களில் ஒன்று. ஒரு படைவீரன் எதிரியின் கழுத்துக்கு ஓங்கினான். வாள் பாதியில் நின்றது. தன் கைதான் சோர்ந்துவிட்டது என்று நினைத்துப் பாறையில் அடித்துப் பார்த்தான். பாறை பிளந்தது, வாளின் முனை கொஞ்சம் உடைந்தது. அடுத்து ஒரு வணிகன் வாங்கினான், பிடியை மான்கொம்பில் மாற்றினான். வழிமறித்த மூன்று திருடர்களில் இரண்டு பேரை வெட்டிய வாள் மூன்றாமவன்மேல் இறங்கவில்லை. மூன்றாவதாக ஓர் அரசி கையிலும் அப்படியே நின்றபிறகுதான் ஊர் அதற்குத் தயங்கி என்று பெயர் வைத்தது.

உங்கள் குறிப்புகளையும் படித்தேன். "வாள் பேசக் கூடாது. பேசினால் அது ஆள். அதன் மனசு கனத்தில் தெரியணும், நழுவலில் தெரியணும். மறுத்தால் பிடித்தவன் மணிக்கட்டு மூன்று நாள் மரத்துப்போகணும். கை மாறினாலும் பழைய தழும்பு போகக் கூடாது. என் வசதிக்காக ஒருநாளும் அது மாறக் கூடாது."

நான் மாற்றிவிட்டேன், அண்ணி. கொடுங்கோலனான தன் அண்ணனைக் கொல்ல நாயகி பொன்னி தயங்கியை ஓங்குகிறாள். கீழே கருத்து எழுதுகிறவர்களெல்லாம் வெட்டு வெட்டு என்றார்கள். வாள் நேராக இறங்கியது என்று எழுதிப் போட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு பெண் எழுதியிருந்தார்: "இது தயங்கி இல்லைங்க. வேற ஏதோ இரும்பு." நான்தானே எழுதினேன்? இருந்தும், யாரோ வேண்டாம் என்று கையைப் பிடித்ததுபோல் ஓர் உணர்வு எழுதும்போதே இருந்தது.

முதலிலிருந்து திரும்பப் படித்தேன். படைவீரனுக்கும் அந்த எதிரிக்கும் தாய் ஒருத்தி. பல அத்தியாயம் தள்ளி ஒரே வரியில் சொல்லியிருந்தீர்கள். மூன்றாம் திருடன் வணிகனின் தம்பி. அரசி கொல்லப் பார்த்தது சின்ன வயதில் தொலைந்த தன் தங்கையை. ஓங்கியவர்களுக்குத் தெரியாதது வாளுக்குத் தெரிந்திருந்தது. எதற்காக அண்ணி, இதை மட்டும் குறிப்பில் எழுதாமல் விட்டீர்கள்?

கச்சிராயபாளையம் பஸ் ஏறி உங்கள் அம்மாவைப் பார்க்கப் போனேன். மலையடிவாரத்தில் மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதையைச் சொல்லி, ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். களைக்கொத்தைக் கீழே வைத்தார்கள்.

"வரப்பு சண்டை செல்வி. ஒரு முழ மண்ணு. இவ அப்பாரு கூடப் பொறந்த தம்பி மேல கொடுவாள ஓங்கிட்டாரு. இவளுக்கு அப்ப ஒம்போது வயசு. வேணாம்பா, வேணாம்பான்னு கத்திக்கினே ஓடியாந்தா."

"அப்புறம் இன்னா ஆச்சு, அத்தை?"

"நிக்கல."

அவ்வளவுதான் சொன்னார்கள். கொடுவாளைப் போலீஸ் எடுத்துப்போனதாம். உங்கள் அப்பா ஜெயிலிலிருந்து திரும்பவே இல்லையாம். பன்னிரண்டு வருஷம் ஒரே வூட்டில் உங்களோடு சாப்பிட்டேன். எனக்குத் தெரியாது. அண்ணனுக்காவது தெரியுமா?

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு வேறு எழுதினேன். பொன்னி ஓங்குகிறாள், தயங்கி நிற்கிறது, மரத்த கையிலிருந்து நழுவி விழுகிறது. அண்ணன்காரன் சிரித்தபடி அதை எடுத்து அவள் மேலேயே ஓங்குகிறான். அவன் கையிலும் நிற்கிறது. மறுபடி ஓங்குகிறான், மறுபடி நிற்கிறது. சிரிப்பு போகிறது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்காருகிறான். வாசலில் காத்திருந்த ஊர்க்காரர்கள் உள்ளே வந்து அவனைக் கட்டி இழுத்துப் போகிறார்கள்.

போன ஞாயிறு அதே மரவள்ளிக் காட்டில் அதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்கள். முடிந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு அத்தை."

"அந்த எடத்த இன்னொரு வாட்டி படிம்மா."

ஐந்து தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரி வரும்போது, எங்களுக்குப் பின்னால், வரப்பில், சின்னக் கால்கள் ஓடிவந்து நிற்பதுபோல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தையும் பார்க்கவில்லை.

அது நீங்களா, அண்ணி? நீங்களென்றால் இனி ஓட வேண்டாம். உங்கள் தயங்கி யார் கைக்குப் போனாலும் கூடப் பிறந்தவர்மேல் இறங்காது. நான் எழுதும்வரை இறங்க விடமாட்டேன்.

உங்களோடு பிறக்காவிட்டாலும் உங்கள் தங்கைதான்,
நாத்தனார் செல்வி