புதுசு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட விதம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும், வயிற்றுக்குள் இருந்துகொண்டு ஓயாமல் உதைக்கிறதாக நீ சொன்ன அந்தப் போக்கிரியும் சுகமாக இருக்கவேண்டும், அதுதான் எங்கள் நினைப்பெல்லாம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொண்டால் மார்க்கெட்டுக்கு நடக்கச் சொல்லிவிடுவேனாம். பால்கனிக் குழாய் ஒழுகுகிறது, நானே சரிசெய்கிறேன் பார் என்று ஸ்பானரோடு இறங்கினார், இப்போது சமையலறையிலும் தண்ணீர் வரவில்லை. போனில் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் அப்புறம் பேசறேன்மா என்பாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயம் நான் அங்கே வருவதைப் பற்றியது. பதறாதே, முழுசாகப் படி.

பிரசவத்துக்கு வந்துடுவியாம்மா என்று நீ கேட்டபோது, கண்டிப்பா வருவேன் என்று அடித்துச் சொன்னேனே, அப்போது நான் லீவே கேட்டிருக்கவில்லை. கல்லூரியில் எங்கள் துறைத்தலைவரிடம் வாயே திறக்கவில்லை. அப்பா ஆபரேஷனுக்கு லீவு எடுத்தேனே, அப்போது நடந்த கூத்துதான் காரணம். என்னுடைய 'மண்ணும் அடித்தளமும்' பாடத்தை அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த உதவிப் பேராசிரியரிடம் கொடுத்தார்கள். முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, எந்தப் பாடம் கொடுத்தாலும் எடுப்பேன் சார் என்று சொன்ன மனிதர் அவர். எதைக் கேட்டாலும் சரி சார், சரி சார் என்பதால் பேரே அதுவாகிவிட்டது. பாவம், புத்தகத்தைப் பார்த்துப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார், பிள்ளைகள் கூட்டமாகத் தலைவர் அறை வாசலில் போய் நின்றுவிட்டார்கள், உடனே வாங்க மேடம் என்று எனக்குப் போன். அப்பாவைக் கட்டிலில் விட்டுவிட்டு நான் ஓடியது உனக்குத் தெரியும். சரி சாரும் அந்த செமஸ்டர் முடிந்ததும் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்துக்குத்தான் இப்போது ஒருவர் சேர்ந்திருக்கிறார், நாங்கள் வைத்த பேர் புதுசு. என் திட்டம் என்னவென்றால், பாடம் முதலில் புதுசு தலையில் இறங்கட்டும், அப்புறம் லீவுக் கடிதத்தை நைசாக நீட்டுவோம் என்பது. முன்னாடியே கேட்டால் ஆள் இல்லையே மேடம் என்று தலைவர் கைவிரித்துவிடுவார்.

திங்கட்கிழமை கூட்டம். நீ சின்ன வயதில் என்னோடு வந்து சுழல்நாற்காலியில் சுற்றுவாயே, அதே அறைதான், அதே நீள மேசை. மூத்தவர்கள் தலைவர் பக்கம், புதியவர் கதவோரம், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில். பாட ஒதுக்கீட்டு வரைவைத் திரையில் போட்டுவிட்டார்கள், என் பாடத்துக்கு நேரே புதுசின் பேரும் ஒரு கேள்விக்குறியும். எனக்கு அந்தக் கேள்விக்குறி போனால் போதும் என்றிருந்தது. வரவேற்பு முடிந்ததும் புதியவர் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்லவேண்டும், படித்த இடம், ஆராய்ச்சி, முன்னால் சொல்லிக்கொடுத்த அனுபவம், கடைசியில் என்னென்ன பாடம் எடுக்கமுடியும் என்பது. உள்ளதைச் சொல்கிறேன், முதல் மூன்றையும் யாரும் காதில் வாங்குவதில்லை, பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசிக்கு வந்தால்தான் தலை நிமிரும். தன் பாடத்தைப் பிடுங்கிக்கொள்வானோ என்று சிலருக்குப் பயம், யாருக்கும் வேண்டாத பாடத்தைத் தள்ளிவிடலாமா என்று மற்றவர்களுக்கு ஆசை.

புதுசு எழுந்தார். கையில் காகிதம் இல்லை, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். பூமிக்குள் இறக்குகிற கான்கிரீட் தூணில் விரிசல் இருந்தால், தோண்டாமலே கண்டுபிடிப்பதுதான் அவர் ஆராய்ச்சியாம். தூணின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, அந்த அதிர்வு உள்ளே போய் மோதித் திரும்பிவரும் நேரத்தை அளக்கவேண்டுமாம், சீக்கிரம் திரும்பினால் நடுவில் ஏதோ கோளாறு என்று அர்த்தமாம். அட, நன்றாயிருக்கிறதே என்று நானே பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்து பாடங்களுக்கு வந்தார். கான்கிரீட், கட்டட வடிவமைப்பு ரெண்டும் நாளைக்கே எடுப்பேன் சார், மண் பாடத்துல அடித்தளப் பகுதியும் எடுப்பேன், ஆனா அதுல முதல் பாதி, மண்ணுக்குள்ள தண்ணி ஓடறது, பாரம் ஏறினா மண் அமுங்கறது, அதெல்லாம் எனக்கு எடுக்க வராது, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிப் பாஸ் ஆனதுதான், பசங்க ரெண்டாவது கிளாஸ்லயே கண்டுபிடிச்சிடுவாங்க என்றார். விண்ணப்பத்துல மண் பாடமும்னு போட்டிருந்தீங்களே என்று தலைவர் கேட்க, ஆசை இருக்கு சார், இன்னும் தயாராகல, ஒரு செமஸ்டர் மேடம் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உட்கார்ந்தா தயாராயிடுவேன் என்று என்னைக் காட்டுகிறார். அடப்பாவி, என் மகள் அங்கே தனியாகக் கிடக்கப்போகிறாளே என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன். தலைவர் அவர் பேரை அழித்துவிட்டு என் பேரைப் போட்டார்.

அதற்குப் பிறகு வழக்கப்படி மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் புதியவருக்குத் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் நான் சொல்வது ஒரே வரி, மண் பாடம், மண் ஆய்வகப் பொறுப்பு, அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கும் அதைத்தான் சொல்ல எழுந்தேன். ஆனால் எதிரே அந்த மனிதர், இருக்கிற வேலைக்கே ஆபத்து வரலாம் என்று தெரிந்தும் உள்ளதைச் சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் வாய் தானாகத் திறந்துவிட்டது. மண் பாடம் எடுக்கிறேன், என் மகளுக்குப் பிரசவம், செமஸ்டர் பின்பாதியில நான் இங்க இருக்கமுடியாது, பாடத்தை இவர்கிட்ட தள்ளிட்டு லீவு கேட்கலாம்னு பேசாம இருந்தேன் என்று போட்டு உடைத்துவிட்டேன். நில அளவைப் பாடம் எடுப்பவர் சிரித்தேவிட்டார். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை, இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன மேடம் என்று கடுப்பாகத்தான் கேட்டார். அப்புறம் புதுசு சொன்னதை வைத்துப் பாடத்தை நடுவில் வெட்டினார். முதல் பாதி முழுக்க நான், வாரத்துக்கு இரட்டிப்பு வகுப்பு, ஆய்வகப் பரிசோதனைகளும் அதற்குள் முடியவேண்டும். அதற்கு ஈடாக, நான் கூடவே எடுத்துவந்த கட்டட வடிவமைப்பு வகுப்புகள் புதுசுக்கு. பின்பாதி, அடித்தளம், மொத்தமும் அவர். யோசித்துப் பார், அவரும் சரி சார் என்று தலையாட்டியிருந்தால் நான் அங்கே வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் உடனே வாங்க மேடம் என்று போன் வந்திருக்கும். வெளியே வந்ததும், பயமாயில்லையா என்று அவரைப் பிடித்துக் கேட்டேன். பயம்தான் மேடம், உங்க முதல் கிளாஸ் எப்பன்னு சொல்லுங்க, வந்து உட்கார்ந்துடறேன் என்றார். லீவு கையெழுத்தாகிவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். எப்போது கேட்டாலும் நல்லாயிருக்கேன்மா, சமாளிச்சுக்குவேன்மா என்கிறாய். நீ மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாய் என்றும், ஒரு நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய் என்றும் மாப்பிள்ளை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அவரைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். உனக்கு என்னென்ன முடியவில்லை, எதற்குப் பயமாக இருக்கிறது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுது. படித்துவிட்டு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அதற்குத் தகுந்தபடி வந்து சேருவேன். எங்கள் துறையில் ஒரு சரி சார் இருந்தது போதும், வீட்டிலும் ஒன்று வேண்டாம். மூன்று பேரும் குறையில்லாமல் நிறைவாக இருக்க அம்மா அப்பாவின் ஆசிகள். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே.

உன்னிடம் வரத் துடித்துக்கொண்டிருக்கும்,
அம்மா