நெற்றிப் பளபளப்பும் இரண்டு மச்சங்களும்

29 ஜனவரி 1987

இல்லை, கோபமில்லை. அருவருப்பு. கோபத்துக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். இதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதுமாக இருந்தது.

லோகநாதன் ஸ்டூடியோவில் எனக்கு இது எட்டாவது மாதம். எம்.ஏ. தத்துவம். அப்பாவுக்கு ஆவடி குவார்ட்டர்ஸில் தலை குனிவு, எனக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு சாய்வுப் பலகை. பலகையின் நடுவில் தேய்த்த கண்ணாடி, கீழே முகம் பார்க்கும் கண்ணாடி. அது ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்பும். அதன்மேல் நெகட்டிவை வைத்து மற்றவர்களின் முகங்களைத் திருத்துகிறேன்.

இன்று வந்தது ஒரு கல்யாண ஜோடி. தாலி கட்டிய மறுநாள் வந்து எடுத்துக்கொண்ட படம். உறையோடு பின் குத்திய குறிப்பு, மாப்பிள்ளை கையெழுத்தில்:

"போட்டோ எடிட்டர் அவர்களுக்கு, என் நெற்றியில் உள்ள பளபளப்பைக் குறைக்கவும். மீசையையும் மச்சத்தையும் தொட வேண்டாம். அவை என் அடையாளம். பெண்ணின் மோவாய் மச்சத்தை எடுத்துவிடவும். இப்படிக்கு, வே. ஜானகிராமன், முத்தாபுதுப்பேட்டை."

எடிட்டர். யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

முதல் மூன்று வரிகளைப் படித்தபோது அவனைப் பிடித்திருந்தது. இங்கே யாரும் மச்சத்தை விட்டுவைக்கச் சொல்வதில்லை. நான்காவது வரியில் வாய் கசந்தது. "பெண்". அவளுக்குப் பெயர் உண்டு, ரசீதில் இருக்கிறது. வனஜா.

லோகநாதனிடம் காட்டினேன்.

"இதுல இன்னாம்மா கீது? ஆம்பளைக்கு எழுதிக் குடுத்தாதான் எடுக்கணும். பொம்பளைக்கு எழுதலைன்னாலும் எடுக்கணும். அவன் பாவம், ரெண்டையும் எழுதிக் குட்த்துட்டான்."

கடையின் சட்டம் அதுதான். எட்டு மாதமாக அதன்படி செய்திருக்கிறேன். யாரோ ஒருவன் அதை எழுத்தில் போட்ட பிறகுதான் எனக்குக் குமட்டுகிறது. ஏன்?

30 ஜனவரி

நெகட்டிவில் எல்லோரும் கிழவர்கள். கறுத்த முகம், வெளுத்த முடி. ஜானகிராமனுக்கு வெள்ளை மீசை. இருபத்தேழு வயதிருக்கும், பலகையில் எழுபது.

பளபளப்பு என்பது விளக்குச் சூடும் வியர்வையும் தலையில் தடவிய எண்ணெயும் சேர்ந்தது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது நெகட்டிவில் அடர்ந்த கறுப்பு. கறுப்பைக் குறைக்கப் பென்சில் உதவாது. பென்சில் கறுப்பைக் கூட்டும், படத்தில் அந்த இடம் மேலும் வெளுக்கும். எனவே கத்தி. மருந்துப் பூச்சுள்ள பக்கத்தை மேலே வைத்து, முனையைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூச்சைத் தூசி தூசியாகச் சுரண்ட வேண்டும். அழுத்தினால் போச்சு. சுரண்டிய இடம் படத்தில் அடிபட்ட நெற்றி மாதிரி இருண்டுவிடும். கத்தி எடுத்ததைத் திருப்பி வைக்க வழியில்லை.

அவன் மச்சம் பளபளப்பின் ஓரத்திலேயே, புருவத்துக்கு மேல். கறுப்புத் திட்டுக்குள் ஒரு கண்ணாடிப் பொட்டு. சுற்றிலும் கறுப்பு குறையக் குறையப் பொட்டும் மங்கித் தோலோடு கலந்துவிடப் பார்க்கும். அதன் விளிம்பைத் தொடாமல், அதைவிட ஒரு சாயல் அடர்த்தியாகவே சுற்றுப்புறத்தை நிறுத்த வேண்டும். காலை முழுக்க அந்தப் பொட்டைக் காவல் காத்தேன். இவ்வளவு கவனமாக நான் யாரையும் நடத்தியதில்லை.

மீசையை அவன் சொல்லியிருக்கவே வேண்டாம். அங்கே கத்திக்கு வேலையில்லை. பென்சில் பட்டால் நரைக்கும், அவ்வளவுதான்.

31 ஜனவரி

வனஜாவின் மச்சம்: பஞ்சில் டச்சிங் மருந்தைத் தொட்டுத் தேய்த்தால் வழவழப்புப் போய்ப் பிசுபிசுப்பு வரும், பென்சில் பிடிக்கும். ஊசியாகச் சீவிய முனையால் குட்டிக் குட்டிச் சுழிகள். கண்ணாடிப் பொட்டு பக்கத்துத் தோலின் அடர்த்திக்கு வந்ததும் நிறுத்தினேன்.

ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

2 பிப்ரவரி

இரண்டு பேரும் மாதிரிப் படம் பார்க்க வந்தார்கள். அவன் நல்லவன் மாதிரித்தான் இருக்கிறான். அதுதான் இன்னும் மோசம். எனக்கும் லோகநாதனுக்கும் மிக்சர் பொட்டலம் வாங்கி வந்திருந்தான்.

"சூப்பர் மேடம். நெத்தி கரெக்டா அட்ங்கிடுச்சி. மச்சமும் அப்டியே கீது."

"மச்சம்மேல உங்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை?"

"பாக்டரி பாஸ்ல எழுதிக்கீது மேடம். இடது புருவத்துக்கு மேல ஒரு மச்சம். அது இல்லன்னா கேட்டாண்ட நானு நான் இல்ல." சிரித்தான்.

"அவங்களுக்கும் பள்ளிக்கூட சர்டிபிகேட்ல எழுதியிருப்பாங்களே?"

"அவளுக்கு எதுக்கு மேடம் அடையாளம்? ஊட்லதான கீறா."

வன்மமே இல்லாமல் சொன்னான். பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோல. லோகநாதனும் சிரித்தார். மிக்சர் கையில் எண்ணெயாக ஒட்டியது. கொட்டிவிட்டுக் கை கழுவினேன். மறுபடி கழுவினேன்.

வனஜா படத்தைப் பார்த்துக்கொண்டே மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். கீழே விழுந்ததைத் தேடுகிறவள் மாதிரி.

அதே நெகட்டிவிலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டிச் சின்னப் படங்கள் வேண்டுமாம், பாக்டரி ஆஸ்பத்திரி கார்டுக்கு. தனியாக இன்னொரு தரம் எடுப்பது வீண் என்கிறான். கூடத்தில் மாட்ட ஒரு பெரிய படம். பெரிய பேப்பர் பாரிமுனையிலிருந்து வந்ததும் போட்டுத்தருவதாக லோகநாதன் சொன்னார். சின்னதை இன்றே கொடுத்துவிட்டோம்.

5 பிப்ரவரி

ரயிலில் எதிரே ஒருத்தி. கன்னத்தில் பருத்தழும்புகள். என் விரல்கள் தானாகப் பென்சில் பிடிக்க மடங்கின. சே.

11 பிப்ரவரி

வனஜா தனியாக வந்தாள். கள்ளிக்குப்பம் அம்மா வீட்டுக்குப் போகிற வழியாம். சின்னப் படங்களை மேசையில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரில திருப்பிக் குட்த்துட்டாங்கக்கா. கார்டு எழுதறவரு அடையாளம் இன்னான்னு கேட்டாரு. சர்டிபிகேட்ட காட்னேன், மோவாய்ல மச்சம்னு எழுதிக்கினாரு. அப்பால போட்டோவப் பாத்துட்டு, 'ஏம்மா, இது ஒன் தங்கச்சியா?'ன்றாரு. கியூல நின்னுகினு கீறவங்க அல்லாரும் சிரிச்சிட்டாங்க."

"உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"அவுரு அன்னிக்கு டூட்டி. ஊட்ல வந்து சொன்னேன். 'தோடா, இது வேறயா'ன்னாரு." சின்னப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "எங்கம்மா பெரிய மன்சி மாதிரி பேசாது. மாதிரிப் படத்தப் பாத்துட்டு, 'மாப்ள பக்கத்துல எவளடி குந்த வெச்சிக்கீறாங்க?'ன்னுச்சி."

சிரித்தாள். நானும்.

"அக்கா, அது போய்ட்சா? திரும்ப வெக்க முடியாதா?"

நெகட்டிவை எடுத்துப் பலகையில் வைத்துக் காட்டினேன். மோவாயில் பென்சில் சுழிகள், சாய்த்துப் பார்த்தால் மினுங்கின. நெற்றியைக் கத்தியால் எடுத்தேன், அது வராது என்றேன். உன்னுடையதன்மேல் பென்சில்தான் போட்டேன். டர்பன்டைனில் துடைத்தால் போய்விடும்.

"அப்ப அது அடில அப்டியேதான் கீதா?"

"இருக்கு."

பலகையின் மேல் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். எதைப் பார்த்தாளோ. வெள்ளைத் தலையும் கறுத்த முகமுமாக அவளே.

"பெர்ய படத்துலயும் இப்டித்தான் வருமாக்கா? நெதம் அத்தப் பாத்துகினு சோறாக்கணுமே."

துடைக்க அவன் வந்து சொல்ல வேண்டும். அவன் பெயரில்தான் ரசீது.

12 பிப்ரவரி

அவன் வந்தான். கொஞ்சமும் கூச்சமில்லை.

"மேடம், சின்னதுல மட்டும் அவ மச்சத்த வெச்சிக் குட்த்துடுங்க. ஆஸ்பத்திரில பேஜார் பண்றாங்க. பெர்சுல வோணாம். நாலு பேரு வந்து பாக்கற எடம்."

கார்டுக்குத் தேவைப்படும்போது முகம். சுவரில் தேவைப்படாதபோது வேறு முகம். இதை அவன் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம்.

லோகநாதன்: "அட்ச்சிக்க ஒண்ணுமில்ல. தொட்ச்சிட்டு சின்னது போட்டுக்கோ. அப்பால திரும்பப் பென்சில் போட்டுட்டுப் பெர்சு போடு. பேப்பர் வந்துட்சி."

சரி என்றேன்.

13 பிப்ரவரி

பஞ்சு, டர்பன்டைன். மோவாயில் இரண்டே இழுப்பு. பஞ்சில் சாம்பல் கறை. கண்ணாடிப் பொட்டு திரும்பி வந்தது. சின்னப் படங்கள் போட்டேன், சரியாக வந்தன.

பிறகு பெரிய பேப்பர். பென்சில் பக்கத்திலேயே இருந்தது, சீவியது. லோகநாதன் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் படம் எடுக்க நூம்பலுக்குப் போயிருந்தார். ஆகவே நான் செய்ததற்கு அவரைக் காரணம் சொல்ல முடியாது. பயமில்லாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது, பயமிருந்தது. வேலை போனால் வீட்டில் அம்மாவின் ஜாதகக் கட்டுதான்.

பென்சிலைத் தொடாமல் நெகட்டிவை என்லார்ஜரில் செருகினேன்.

சிவப்பு விளக்கில் டெவலப்பர் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அதிகக் கறுப்புதான் முதலில் வரும். அவன் மீசை வந்தது. அவள் கூந்தல், கண்கள். பிறகு இரண்டு மச்சங்கள், ஏறக்குறைய ஒன்றாக. முகங்கள் கடைசியில்தான் வந்தன.

16 பிப்ரவரி

பிரேம் போட்டு வந்துவிட்டது. மாலையில் இருவரும் வந்தார்கள். பழுப்புக் காகிதத்தை நானே பிரித்தேன். சொல்ல வேண்டியதை வரிசையாக வைத்திருந்தேன்.

ஒன்றும் தேவைப்படவில்லை.

அவன் நெற்றியைப் பார்த்தான். மீசையைப் பார்த்தான். கண்ணாடிமேல் விரலை வைத்துப் புருவத்துக்கு மேலே தட்டினான். "டாப்பு மேடம். நான் சொன்ன மாதிரியே வந்துகீது." ஒரு தரம்கூட அவன் பார்வை வலது பக்கம், அவள் முகத்துக்கு, நகரவில்லை. லோகநாதன் பார்த்தார். படத்தை, என்னை, மறுபடி படத்தை. மீதிப் பணத்தை வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டார்.

இந்த அருவருப்பு எங்கே இறங்கும் என்று தெரியவில்லை. எவ்வளவு பயந்தேன். தினமும் சாப்பிடும்போது அந்த மச்சம் அவன் எதிரில் தொங்கப்போகிறது. ஒருநாள் பார்ப்பானா? பார்க்காமலே இருந்துவிடுவானோ?

வனஜா பார்த்தாள். "நா தூக்கினு வர்றேன்" என்று படத்தை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். தன் முகம் உள்பக்கம் இருக்கும்படி மார்போடு அணைத்துக்கொண்டாள். படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர்கள் போனதும் அடுத்த உறையைப் பிரித்தேன். பாவாடை தாவணியில் ஒரு பெண், மூக்கோரம் வெட்டுத்தழும்பு. குறிப்பு எதுவும் இல்லை. டச்சிங் மருந்து சீசாவைத் திறக்காமல் நெகட்டிவை நேராகப் பிரிண்டுக்கு வைத்தேன்.