சொல்லாமல் விட்ட வரி

ஜூலை 8, 2025
பாடசாலை நாடகத்தின் கடைசிக் காட்சியை எழுதி முடித்தேன். கணவன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான், மனைவிக்கு விருப்பமில்லை. என்னோடு தமிழ் படிப்பிக்கும் கஜந்தினியிடம் வாசித்துக் காட்டினேன். “நீங்க போனா நான் தனிச்சுப் போவன். என்னை விட்டுட்டுப் போகாதீங்க.”

சிரித்துவிட்டாள். “பஹ்மியா ரீச்சர், வீட்டில ஆர் இப்பிடிக் கதைக்கினம்? எல்லாத்தையும் அவளே சொல்லிப்போட்டாள். பாக்கிறவைக்கு என்ன மிச்சம்?”

கோபம் வந்தது. உண்மைதானே.

ஜூலை 10
மூன்று தடவை கிழித்தேன். பிறகு எழுதிப் பார்த்தேன்: அவளுக்கு என்ன வேண்டும்? அவன் நிற்க வேண்டும். ஏன் சொல்ல ஏலாது? சொன்னால் நின்றுவிடுவான், பிறகு காலம் முழுக்கப் பழி அவளுக்கு. ஆகவே இருவரும் பெட்டியைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

“பெட்டிட ஸிப் சரியில்ல.”
“நேத்து நல்லா இரிந்திச்சே.”
“வழியில கழண்டா?”
“கயிறு கட்டலாம்.”
“வீட்டுல கயிறு இல்ல.”

கயிறு அவளுக்குப் பின்னால் சுவரில் தொங்கும். அவனும் அதைப் பார்ப்பான். கேட்கமாட்டான்.

ஜூலை 11
கஜந்தினி சிரிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு
வாப்பா கிண்ணியாவிலிருந்து தயிர்ச் சட்டியோடு வந்தார். உம்மா மவுத்தாகி நாலு வருஷம், தனியாகத்தான் இருக்கிறார். சாப்பிடும்போது சொன்னார்: “ஸுல்பிகாட வீட்டு ஓடு உடைஞ்சு கிடக்கு.”

ஸுல்பிகா மாமி வாப்பா வீட்டுக்குப் பின்வீதியில் தையல் பழக்குகிறவர். கணவர் இல்லை.

“மேசனைக் கூப்பிட்டாச் சரிதானே வாப்பா.”

“ஓம், கூப்பிடலாம். தனியாள்தானே, ஆர் நின்டு பாக்கிற?” தயிரைப் பிசைந்துகொண்டே, “உன்ட உம்மாட அலுமாரிய நான் இன்னும் திறக்கல்ல மகள்.”

“பூச்சி பிடிக்கும் வாப்பா” என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

ஜூலை 14
ஓட்டிலிருந்து அலுமாரிக்கு ஏன் தாவினார்? நான் எழுதுகிற ஆள் அப்படித் தாவினால் விடுவேனா? அவருக்கு என்ன வேண்டும்? ஏன் சொல்ல ஏலாது?

நான்தான் காரணம். உம்மாவின் மகள். அந்த மனுஷன் என்னட்டச் சம்மதம் கேட்டிருக்கார் — நான் பூச்சியைப் பத்திச் சொல்லியிருக்கன்!

அழுதேன். உம்மாவுக்காகவா, அவருக்காகவா, தெரியவில்லை.

நேரே கேட்டால் “சீ, என்ன கதை இது” என்பார். அதோடு முடிந்துவிடும். அவர் கதைத்த மாதிரியே பதில் சொல்ல வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு
கிண்ணியாவுக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன். உம்மாவின் சாரிகளை மடித்துக் கட்டினேன். வாப்பா வாசற்படியில் நின்றார்.

“எல்லாத்தையும் கொண்டு போறியா மகள்?”

“ஓம் வாப்பா. இனி அலுமாரியில இடம் வேணும்தானே.”

வாப்பா குசினிக்குப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வந்தார். சீனி போட மறந்திருந்தார். முழுக்கக் குடித்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி
வாப்பாவுக்கும் ஸுல்பிகா மாமிக்கும் நிக்காஹ் முடிந்தது. வாப்பா என் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டார்.

புறப்படும்போது ஸுல்பிகா மாமி என் சட்டைக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல தையல் விட்டிரிக்கே மகள். அடுத்த கிழமை வந்தா அடிச்சுத் தாறன்.”

தையல் எங்கும் விட்டிருக்கவில்லை.

“ஓம் மாமி, கட்டாயம் வாறன்” என்றேன்.